மத்தி டின்னுக்குள் முள் எங்கே போயிற்று?

மீன் சாப்பிடும் வீடுகளில் குழந்தை முதலில் கேட்கும் எச்சரிக்கை "முள் பார்த்துச் சாப்பிடு" என்பதுதான். தொண்டையில் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கு, வாழைப்பழத்தை விழுங்கு என்று அதற்கான வைத்தியமும் கூடவே வரும். அதே குழந்தை மத்தி டின்னைத் திறந்து சாப்பிடும்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. நடுமுள் அங்கேயேதான் இருக்கிறது. விரலால் அழுத்தினால் சுண்ணாம்புக் கட்டி போல உதிர்கிறது. சிலர் அதைப் பொறுக்கித் தட்டோரம் வைக்கிறார்கள். வைக்க வேண்டியதில்லை. டின் மத்தியின் முள்ளைத் தாராளமாகத் தின்னலாம். மீன் மென்மையானது போலவே முள்ளும் மென்மையாகிவிட்டது என்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் முள்ளை மென்மையாக்குவதற்கென்றே ஒரு பாத்திரத்தைச் செய்த மனிதர் ஒருவர் இருந்தார். டின் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முந்தியவர் அவர்.

டெனி பப்பான் பிரான்சில் பிறந்தவர். லண்டனில் ராபர்ட் பாயிலிடம் உதவியாளராக இருந்தார். 1679-இல் ராயல் சொசைட்டி முன் ஒரு தடித்த உலோகப் பாத்திரத்தைக் காட்டினார். மூடியைத் திருகால் இறுக்கிவிட்டால் ஆவிக்கு வெளியேற வழியில்லை. உள்ளே அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற ஏற நீர் 100 டிகிரியைத் தாண்டியும் நீராகவே இருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் 'டைஜெஸ்டர்', அதாவது செரிப்பான். 1681-இல் வெளியான அவருடைய புத்தகத்தின் தலைப்பே எலும்பை மென்மையாக்கும் இயந்திரம் என்றுதான் சொல்கிறது. பாத்திரம் வெடிக்காமலிருக்க நெம்புகோலில் எடை தொங்கவிட்ட ஒரு அடைப்பையும் அவர் சேர்த்தார். இன்று குக்கர் மூடியில் வைக்கும் வெயிட்டுக்கு அது பாட்டன். வெப்பமானி கைக்கு எட்டாத காலம் என்பதால் வெப்பத்தை அளக்க அவர் கண்டுபிடித்த வழியும் அழகானது: மூடியின் மேல் ஒரு துளி நீர் விட்டு, அது ஆவியாகி மறையும் வரை ஊசல் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணினார்.

1682 ஏப்ரல் 12 அன்று ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு இந்தப் பாத்திரத்தில் சமைத்த இரவு விருந்து நடந்தது. நாட்குறிப்பு எழுத்தாளர் ஜான் ஈவ்லின் அதில் கலந்துகொண்டு எழுதி வைத்திருக்கிறார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல இளகியிருந்தன. பைக் என்னும் நன்னீர் மீனை முள்ளோடு, எந்தத் தடையும் இல்லாமல் தின்றார்கள். பைக் மீனின் முள் மத்தி முள் போல மெல்லியதில்லை, அதைக் கையாளத் தெரிந்தவர்களே திணறுவார்கள்.

அந்த இரவு பாத்திரத்துக்குள் என்ன நடந்தது? எலும்பு இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று, சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் சேர்ந்த தாதுத் துகள்கள். மற்றொன்று, அவற்றைக் கோத்துப் பிடித்திருக்கும் கொலாஜென் என்னும் புரத நார். கட்டடத்தின் கல்லும் கம்பியும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டில் எதை எடுத்தாலும் எலும்பு எலும்பாக நிற்காது, ஆனால் விளைவு வேறு வேறு. கோழிக்காலெலும்பைச் சில நாள் காடியில் ஊறப் போட்டால் தாது கரைந்து போய், நார் மட்டும் மிஞ்சி எலும்பு ரப்பர் போல வளையும். பள்ளியில் பலர் செய்து பார்த்த சோதனை இது. அழுத்தத்தில் வேகவைப்பது இதற்கு நேர் எதிர்: நார் போகிறது, தாது தங்குகிறது. அதனால்தான் டின் முள் வளைவதில்லை, மாவாக உதிர்கிறது.

நாரைப் போக்குவது வெப்பமும் நீரும் சேர்ந்து. மூன்று இழை முறுக்கிய கயிறு போலிருக்கும் கொலாஜென் சூட்டில் முறுக்கு அவிழ்ந்து, நீரைச் சேர்த்துக்கொண்டு துண்டு துண்டாகி, ஜெலட்டினாகக் கரைகிறது. ஆட்டுக்கால் சூப் ஆறினால் உறைவது அதனால்தான். கொதிநீரிலும் இது நடக்கும், ஆனால் ஆமை வேகத்தில். பத்து டிகிரி ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகும் என்பது வேதியியலாளர்களின் கைக்கணக்கு. 100-லிருந்து 120-க்குப் போனால் நாலு மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு. நாள் முழுக்க அடுப்பில் கிடக்க வேண்டியது ஒன்றிரண்டு மணியில் முடிகிறது. அதோடு மீனின் கொலாஜென், மாட்டின் கொலாஜெனைவிடக் குறைந்த சூட்டிலேயே அவிழும் தன்மையுள்ளது. மத்தியின் முள் மெலிதும்கூட, வெப்பமும் நீரும் நடுவரை சீக்கிரம் போய்விடும். பொரித்த மீனின் முள் ஏன் இப்படி ஆவதில்லை என்றால் அங்கே நீர் ஓடிவிடுகிறது. முள் மொறுமொறுவென நொறுங்கலாமே தவிர இளகாது.

பப்பான் கனவு கண்டது மத்தியை அல்ல. தெருவில் எறியப்படும் எலும்பிலிருந்து ஏழைகளுக்கு உணவு எடுக்க விரும்பினார். பாத்திரம் விலையும் பயமும் மிக்கதாக இருந்ததால் கனவு பலிக்கவில்லை. அவர் லண்டனில் வறுமையில் மறைந்தார். ஆனால் கனவு பிரான்சில் மறுபிறவி எடுத்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் மருத்துவமனைகளில் எலும்பு ஜெலட்டின் சூப் ஏழைகளுக்கு ஊற்றப்பட்டது. அது சத்துள்ளதா என்று பெரிய சண்டை எழுந்து, உடலியலாளர் மஜாந்தியின் குழு நாய்களுக்கு ஜெலட்டினை மட்டும் கொடுத்துப் பார்த்தது. அது மட்டும் உயிர் வாழப் போதாது என்று 1841-இல் அறிக்கை வந்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சூப் காய்ச்சியவர்கள் வடிநீரை வைத்துக்கொண்டு தாதுவை ஒதுக்கினார்கள். மத்தி முள்ளில் நமக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அந்தத் தாதுவே. முள்ளோடு தின்னும் 100 கிராம் டின் மத்தியில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதே எடைப் பாலில் 120-ஐ ஒட்டித்தான் இருக்கும். முள்ளை எடுத்துவிட்டால் மத்தியின் கணக்கு சரிந்துவிடும்.

டின்னுக்கு வருவோம். பாரிஸ் மிட்டாய் வியாபாரி நிக்கோலா அப்பேர், கண்ணாடிப் போத்தலில் உணவை அடைத்துக் கொதிநீரில் வைத்தால் கெடுவதில்லை என்று கண்டு, 1810-இல் அதை நூலாக வெளியிட்டார். வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசு அவருக்கு 12,000 பிராங்க் தந்தது. ஏன் கெடுவதில்லை என்று அவருக்கும் தெரியாது, பாஸ்டர் அப்போது பிறக்கவேயில்லை. இங்கிலாந்தில் போத்தலுக்குப் பதில் தகர டப்பா வந்தது. 1820-களில் பிரான்சின் நான்த் நகரில் ஜோசெஃப் கொலான் என்பவர் இரண்டையும் சேர்த்து, எண்ணெயில் வதக்கிய மத்தியைத் தகரத்தில் அடைத்து வியாபாரமாக்கினார். அப்போதும் டப்பாக்கள் கொதிநீரில் மணிக்கணக்கில் வெந்தன. முள் இளகியது யாரும் கேட்காத உபரி.

கொதிநீருக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றில்லாத டப்பாவுக்குள் வளரும் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் 100 டிகிரியில் லேசில் சாவதில்லை. கிருமி இன்னதென்று தெரியும் முன்பே தொழிற்சாலைக்காரர்கள், அதிகச் சூடு கொடுத்தால் வேகமும் கூடும், கெட்டுப்போவதும் குறையும் என்று அனுபவத்தில் பிடித்துக்கொண்டார்கள். 1874-இல் பால்டிமோரில் ஷ்ரைவர் என்பவர் ஆவி அழுத்தத்தில் டப்பாக்களை வேகவைக்கும் பெரிய கலனுக்குக் காப்புரிமை வாங்கினார். ரிட்டார்ட் என்று தொழிலாளர்கள் சொல்லும் அது, உருவத்தில் வீங்கிய பப்பான் பாத்திரமே. பப்பான் முள்ளுக்காகச் செய்ததை இவர்கள் கிருமிக்காகச் செய்தார்கள், முள் தானாக வழிக்கு வந்தது. பிற்காலத்தில் அது எதிர்பார்க்கப்படும் குணமாகவே மாறியது. டின்னில் முள் கடித்தால் வாங்கியவர் புகார் செய்வார், ஆகவே கிருமிக்குத் தேவையான நேரத்தோடு நிறுத்தாமல் முள் நொறுங்கும் வரை வேகவைப்பதும் உண்டு.

நல்ல சரக்குக்குப் போலி வராமலிருக்குமா? 1870-இல் பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்டபோது அமெரிக்காவுக்குப் பிரெஞ்சு மத்தி வருவது தடைபட்டது. நியூயார்க் வியாபாரி ஜூலியஸ் வுல்ஃப், மெய்ன் மாநிலத்து ஈஸ்ட்போர்ட்டில் குட்டி ஹெரிங் மீனைப் பருத்தி விதை எண்ணெயில் அடைத்து, சார்டின் என்று விற்றார். லேபிளில் பிரெஞ்சு வாசனை பலமாக இருந்தது. நார்வேக்காரர்கள் புகையூட்டிய பிரிஸ்லிங் என்னும் குட்டி மீனோடு வந்தார்கள். அதை சார்டின் என்று சொல்லக்கூடாது என்று லண்டன் நீதிமன்றத்தில் பிரெஞ்சுத் தரப்பு வென்றது. பெயர்ச் சண்டை ஓயவில்லை. பசிபிக் கடல் மத்தியையும் சார்டின் என்று விற்கும் உரிமையைப் பெரு நாடு 2002-இல்தான் உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு வாதாடி வாங்கியது. வழக்கறிஞர்கள் மீனுக்கு மீன் வேறுபாடு பார்த்தார்கள். ரிட்டார்டுக்கு அந்தப் பாகுபாடு இல்லை, மீன் சின்னது, முள் மெலிது, அவ்வளவே. சூரையின் தடித்த முள்ளைத்தான் அடைப்பதற்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள்.

மத்தி டின் தமிழ்ச் சமையலறைக்கு வந்த கதையும் உண்டு. 1892-இல் அல்ஃபிரட் க்ளூவே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் கடை போட்டார். அவர் சரக்கில் இருந்த பிரான்சின் சேவலைப் பார்த்து வாங்குபவர்கள் மலாயில் 'ஆயாம்', அதாவது கோழி, என்று சொல்ல, பிராண்டின் பெயரே அப்படி நின்றுவிட்டது. கோழிப் படம் போட்ட மத்தி டின் மலேசியத் தமிழ் வீடுகளிலும் நுழைந்தது. வெங்காயமும் மிளகாயும் தாளித்து, தக்காளிச் சாறோடு டின்னைக் கொட்டிப் பிரட்டுவார்கள். முள்ளை எடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

டின் இல்லாமலும் இதைச் செய்யலாம். கைவிரல் நீள மத்தி அரை கிலோவைத் தலையும் குடலும் நீக்கிக் குக்கரில் அடுக்கி, புளிக்கரைசல், மிளகாய்த்தூள், உப்பு, நல்லெண்ணெய், இரண்டு டம்ளர் நீர். வெயிட் சீறத் தொடங்கியதும் தீயைச் சிறிதாக்கி, முணுமுணுக்கும் நிலையிலேயே ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். இங்கே விசில் எண்ணுவது உதவாது, அழுத்தம் நிலைத்திருக்கும் நேரமே கணக்கு. நீர் குறைவாக ஊற்றினால் அடி பிடிக்கும். நானும் ஒருமுறை அப்படிக் கருக்கி, குக்கரைத் தேய்த்தே அரை நாளைப் போக்கினேன். அடுப்பை அணைத்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள், அழுத்தம் சட்டென விழுந்தால் உள்ளே குபுகுபுவெனக் கொதித்து மீன் உடைந்துவிடும். தானாக அடங்கட்டும்.

இருப்பதில் பெரிய மீனை எடுத்து, தலைப்பக்கத்து நடுமுள்ளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கிப் பாருங்கள். அங்கேதான் முள் தடிமன் அதிகம். மாவாக உதிர்ந்தால் மற்றவையும் ஆகியிருக்கும். துள்ளினாலோ குத்தினாலோ நீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்னும் கால் மணி. இவ்வளவு வெந்தாலும் இது டின் அல்ல. மூடி திறந்த நொடியே கிருமிக்கு வழி திறந்துவிட்டது, ஆகவே மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.