கந்தையாவும் கென்னடியும்

2004 ஆகஸ்டில் ஐக்கிய அமெரிக்க செனற் குழுவொன்றின் முன், எட்வேட் கென்னடி ஒரு முறைப்பாட்டை வைத்தார். விமானம் ஏறச் சென்றபோது தாம் பலமுறை தடுக்கப்பட்டதாக அவர் கூறினார். நாடே அறிந்த செனற்றர் அவர். தடைப்பட்டியலில் இருந்த ஒருவரின் புனைபெயர் அவர் பெயரை ஒத்திருந்ததே காரணம். அதனைத் திருத்த அவருக்கே வாரக்கணக்கில் ஆயிற்று.

பட்டியலில் உள்ள பெயரை அச்சொட்டாகத் தேடினால், ஓர் எழுத்து மாறினும் ஆள் தப்பிவிடுவார். எனவே ஒலி ஒத்த பெயர்களையும் பிடிக்கும் முறை தேவைப்பட்டது. பிற்ஸ்பேர்க் நகரின் றொபேட் றஸல் 1918இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததே சவுண்டெக்ஸ்.

அதன் விதி எளிது. முதலெழுத்தை அப்படியே வைக்க வேண்டும். உயிரெழுத்துகளையும் h, w, y ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். எஞ்சியவற்றுள் ஒலியால் நெருங்கியவற்றுக்கு ஒரே இலக்கம்: d, t இரண்டும் 3, m, n இரண்டும் 5. அடுத்தடுத்து வரும் ஒரே இலக்கம் ஒருமுறையே எழுதப்படும். மூன்று இலக்கங்கள் சேராவிடில் 0 இட்டு நிரப்ப வேண்டும். நம்மவர் பெயரில் பார்ப்போம்:

```
Kandiah   K530
Kanthiah  K530
Candiah   C530
Kennedy   K530
```

முதலிரண்டும் ஒன்றானது இம்முறையின் வெற்றி. மூன்றாவது அதே கந்தையாதான். முதலெழுத்து மாறியதால் தப்பிவிட்டார். நான்காமவரோ யாரோ, அவர் அகப்பட்டுக்கொண்டார். இருவகைத் தவறும் ஒரே அட்டவணையில் உள்ளன. வலையை அகட்டினால் கென்னடிகள் பெருகுவர். இறுக்கினால் கந்தையாக்கள் நழுவுவர்.

ஆயினும் 1930களில் இம்முறை நன்றாகவே பயன்பட்டது. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியோர் பலர் தம் வயதை நிறுவ வேண்டியிருந்தது. 1880ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் பத்து வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கு, சவுண்டெக்ஸ் வரிசையில் அட்டைகள் எழுதப்பட்டன. ஒரே குறியீட்டின் கீழ் பல குடும்பங்கள் வந்தன. எழுதுவினைஞர் அட்டையை எடுத்து, வயதையும் ஊரையும் வீட்டாரையும் பார்த்தே முடிவு செய்தார். அங்கு ஒத்த பெயர் தேடலின் தொடக்கம் மட்டுமே.

விமான நிலையத்தில் அந்த இரண்டாவது பார்வைக்குரிய தரவு இருக்கவில்லை. பயணச்சீட்டில் இருந்தது பெரும்பாலும் பெயர் மட்டுமே. 2009இல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய புதிய திட்டம், முழுப்பெயருடன் பிறந்த திகதியையும் பாலினத்தையும் கேட்டது. தவறாக அகப்பட்டவர் முறையிட்டுத் தீர்வு இலக்கம் ஒன்றையும் பெறலாம்.

ஆக, குற்றம் குறியீட்டில் இல்லை. ஒத்த பெயர் என்பது ஒரு வினா. பிறந்த திகதி போன்ற வேறொரு சான்று விடைசொல்லும் வரை, அதனைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஆங்கில எழுத்தில் தம் பெயரை நான்கு விதமாக எழுதி, நான்கு நாடுகளில் வாழும் நம்மவர் குடும்பங்களுக்கு இது வெறும் வரலாறன்று.