பிப்ரவரியில் தொலைந்த ஆர், செங்கல்பட்டில் தொலைந்த பூ

ஆறாம் வகுப்பில் ஒரு டிக்டேஷன். டீச்சர் 'ஃபெப்யுவரி' என்றார். காதில் விழுந்ததை அப்படியே எழுதினேன், நடுவில் ஆர் இல்லாமல். அரை மார்க் போச்சு. அடுத்து 'வென்ஸ்டே'. அதிலும் டி எழுதவில்லை, இன்னொரு அரை மார்க். "நீங்க சொல்லும்போது அந்த எழுத்து வரலையே மிஸ்" என்று கேட்டேன். "சொல்லும்போது வராது, எழுதும்போது வரும்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் கேட்கத் தைரியமில்லை.

அந்த ஒரு மார்க் இன்னும் உறுத்துவதால் இந்தக் கட்டுரை :)

முதலில் ஆங்கிலக் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். பிப்ரவரி, லைப்ரரி இரண்டிலும் இரண்டு ஆர் கிட்டக்கிட்ட வருகின்றன. ஒரே ஒலியை அடுத்தடுத்து இரண்டு முறை உருட்ட நாக்குக்குச் சலிப்பு, ஒன்றை விட்டுவிடுகிறது. பிப்ரவரிக்கு முன்னால் ஜனவரி வேறு இருக்கிறது. 'ஜான்யுவரி' என்று சொல்லிப் பழகிய வாய் அதே தாளத்தில் 'ஃபெப்யுவரி' என்று முடித்துவிடுகிறது. வெட்னஸ்டே கதை வேறு. அது வோடன் என்ற பழைய ஜெர்மானியக் கடவுளின் நாள். டி, என், எஸ் மூன்றும் ஒன்றாக நெருக்கியதில் டி நசுங்கிப்போனது. இன்று அந்த நாளில் வோடன் இருக்கிறார் என்பதற்கு, யாரும் சொல்லாத அந்த டி-தான் சாட்சி.

தமிழில் இப்படி இல்லை, எழுதுவதைத்தான் படிக்கிறோம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். 'செவ்வாய்க்கிழமை' என்று எழுதிவிட்டு என்ன சொல்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். 'செவ்வாக்கெழம'. ய் எங்கே? வோடனின் டி போன இடத்துக்கே போய்விட்டது. ஆனால் எழுத்தில் அது இருப்பதால்தான் செவ்வாய் என்ற கோள் அந்த நாளில் இன்னும் தெரிகிறது.

எழுத்தும் வாயோடு சேர்ந்து விட்டுக்கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? அதற்குச் செங்கல்பட்டை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஊருக்குச் செங்கழுநீர்ப்பட்டு என்பதுதான் பழைய பெயர் என்று சொல்வார்கள். செங்கழுநீர் என்பது நீர்நிலையில் பூக்கும் ஒரு வகை ஆம்பல் பூ. ஏரி நிறைந்த ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் பேசுகிறவனுக்கு இது நீளம். செங்-க-ழு-நீர்ப்-பட்-டு என்று ஆறு அசை. நடுவில் இருக்கும் 'நீர்' அழுத்தம் இல்லாமல் முதலில் தேய்ந்திருக்கும். மிச்சம் செங்கழுப்பட்டு. அதில் ழு-வின் உகரமும் மெலிந்து, ழ் வழுக்கி ல் ஆகிவிட்டால் 'செங்கல்பட்டு'. ஆறு அசை நான்காகிவிட்டது.

இதுவரை நடந்தது பிப்ரவரிக்கு நடந்ததேதான். வித்தியாசம் இதற்குப் பிறகு. ஆங்கிலத்தில் வாய் விட்ட ஆரை எழுத்து பிடித்துக்கொண்டது. இங்கே எழுத்தும் வாய் பின்னாலேயே போய்விட்டது. 'செங்கல்' என்று எழுதியதும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது சூளையில் வேகிற செங்கல்! பூவின் பெயர் போய் ஊர் கல்லாகிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். இலக்கணப்படி கல் + பட்டு சேர்ந்தால் ல் ற் ஆக மாற வேண்டும். அதனால் 'செங்கற்பட்டு' என்று எழுதினார்கள். பழைய புத்தகங்களில் இந்த வடிவத்தை நிறையப் பார்க்கலாம். விதி சரி, ஆனால் அது பொருத்தப்பட்ட சொல்லே தேய்ந்துபோன சொல். பூவின் பெயரில் இல்லவே இல்லாத ஒரு ற், படித்தவர்கள் கையால் உள்ளே வந்து உட்கார்ந்தது. ஆங்கிலத்தில் கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் சத்தமில்லாத பி வந்ததும் இப்படித்தான். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று பண்டிதர்கள் பின்னால் சொருகினார்கள். ஆக, சொல்லாத எழுத்தெல்லாம் உண்மையான சாட்சி என்றும் நம்பிவிட முடியாது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினால் சுமார் 15 கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம் வருகிறது. அதிலும் அதே 'கழு' இருக்கிறது. பேச்சில் அது 'களு' ஆகிறதே தவிரக் காணாமல் போகவில்லை. காரணம் அந்த மலையின் கழுகுகள் என்று எனக்குத் தோன்றுகிறது. மலைமேல் கழுகுக்கு உணவு வைக்கும் வழக்கம் ஊரறிந்த காட்சியாக நெடுங்காலம் இருந்தது. சொல்லின் பொருள் கண் முன்னால் பறந்துகொண்டிருந்தால் நாக்கு அதை அவ்வளவு சுலபமாக விழுங்காது. செங்கழுநீருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அதே பஸ் மாமல்லபுரத்தில் நிற்கும். அங்கிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த இடம். இவ்வளவு நீளமான பெயரை ஐரோப்பியர்கள் 'சட்ராஸ்' என்று வெட்டி, வெட்டியபடியே எழுதியும் வைத்தார்கள். 1782-இல் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஐந்து கடற்சண்டைகளில் மோதத் தொடங்கினார்கள். முதல் சண்டை இந்தக் கரைக்கு அப்பால்தான். வரலாற்றுப் புத்தகங்களில் அதன் பெயர் சட்ராஸ் போர். தேதி பிப்ரவரி 17. ஊர்ப் பெயரிலும் எழுத்து காணோம், மாதத்தின் பெயரிலும் வாய்க்கு எழுத்து காணோம்! ஆனால் தமிழில் 'சதுரங்கப்பட்டினம்' என்று முழுசாக எழுதுவதால் இந்தப் பெயர் பிழைத்தது. சட்ராஸ் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சதுரங்கத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

பெயர் தேய்வது தவறா என்றால் இல்லை. நன்னூல் இதற்கு மரூஉ என்று பெயர் கொடுத்து, ஏற்கத்தக்க வழக்காகவே வைத்திருக்கிறது. தஞ்சாவூர் தஞ்சை ஆவது அப்படித்தான். ஆனால் தஞ்சை என்று சொல்லும்போது தஞ்சாவூர் என்ற முழுப்பெயரும் பக்கத்திலேயே எழுத்தில் நிற்கிறது. தேய்ந்ததும் தேயாததும் கூடவே இருக்கும்வரை எதுவும் தொலைவதில்லை.

2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை, தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி அறிவித்தது. வேலூரின் புது எழுத்தைப் பார்த்தவர்கள் 'வீலூர்' என்று படித்துவிட்டுச் சிரித்தார்கள். விமர்சனம் அதிகமாகவே அந்த மாதமே பட்டியல் திரும்பப் பெறப்பட்டது. ஒலியைத் துரத்திக்கொண்டு எழுத்து ஓடினால் வரும் சங்கடம் இதுதான். யாருடைய வாயின் ஒலி, எந்த வருஷத்து ஒலி என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். செங்கல்பட்டுக்கே பூவின் ஒலியா, செங்கல்லின் ஒலியா?

2019 நவம்பரில் தனி மாவட்டமானபோதும் 'செங்கல்பட்டு' என்றே பெயர் வைத்தார்கள். இனி அது மாறப்போவதில்லை, மாற வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த ஆறாம் வகுப்புக் கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். வாய் அவசரத்தில் கீழே போட்டதை எழுத்து எடுத்து வைத்திருக்கிறது, என்றைக்காவது யாராவது தேடி வருவார்கள் என்று. மிஸ், அந்த ஒரு மார்க் நியாயமாகத்தான் போயிருக்கிறது.