பல்லவி திரும்பும் இடம்

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் நான்காம் நாள் பாடப்படுவது சுவாதித் திருநாளின் தோடி ராகக் கீர்த்தனையான ‘பாரதி மாமவ’. அச்சுப் புத்தகத்தில் பல்லவியின் சாகித்தியம் ஒருமுறைதான் இருக்கும். பாடகரோ அதைச் சங்கதி சங்கதியாக வளர்த்துப் பலமுறை பாடுவார். ஒலிப்பதிவோடு பாடல்வரிகளை நொடிவாரியாகப் பொருத்தும் கணினி முறைகள் இடறி விழுவது இந்த இடைவெளியில்தான்.

இம்முறைகளின் வேர் பேச்சறிதல் ஆய்வில் உள்ளது. வரியை ஒலியன்களின் சங்கிலியாக எழுதிக்கொள்வர். ஒலிப்பதிவைச் சுமார் 10 மில்லிநொடித் துண்டுகளாக்குவர். எந்தத் துண்டு எந்த ஒலியனுக்கு உரியது என்பதை ‘விட்டர்பி’ வழிமுறை தேடித் தரும். ஓர் ஒலியனில் எவ்வளவு நேரமும் நிற்கலாம், அடுத்ததற்குச் செல்லலாம். பின்னோக்கித் திரும்ப இயலாது. செய்தி வாசிப்பவரின் குரலுக்கு இது போதும்.

2004இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாங் யே, கான் மின்-யென் முதலியோர் ‘லிரிக்ஆலி’ என்ற அமைப்பை வெளியிட்டனர். பாடலின் பகுதிகள் எந்த வரிசையில் வரும் என்பதை அது முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டது. 2006இல் ஜப்பானில் ஃபுஜிஹாரா, கோட்டோ முதலியோர் வாத்திய ஒலியிலிருந்து குரலைப் பிரித்தெடுத்த பின் விட்டர்பியைப் பயன்படுத்தினர். பாடப்பட்ட வரிசையிலேயே வரிகள் கையில் உள்ளன என்பதே இவ்வழியின் அடிப்படை. திரைப்பாடலுக்கு அது பெரும்பாலும் பொருந்தும்.

கீர்த்தனைக்குப் பொருந்தாது. ஒரு பதிவில் பல்லவி ஆறுமுறை, முறைக்கு 8 நொடியாகப் பாடப்பட்டதாகக் கொள்வோம். மொத்தம் 48 நொடி. புத்தக வரியை மட்டும் பெற்ற கணினி, ‘மாமவ’ என்பதன் இறுதி அகரத்தை 40 நொடி இழுக்கலாம். அல்லது அனுபல்லவிச் சொற்களை மூன்றாம் சங்கதியின் மேல் ஏற்றிவிடலாம். திரையில் எழுத்துகள் தடையின்றி ஓடுவதால் பார்ப்பவர் ஐயுறமாட்டார். ஒலியன்களின் கால அளவை வரிசைப்படுத்தினால் அந்த அகரம் முதலில் அகப்படும். நீளம் மட்டும் சான்றாகாது, கார்வையும் நீளமானதே. அந்த நீட்சிக்குள் மகரமோ ரகரமோ கேட்டால் வரி திரும்பியிருக்கிறது என்று துணியலாம்.

வரியின் முடிவிலிருந்து தொடக்கத்துக்குச் செல்ல ஒரு வழி திறந்துவிடுவது ஒரு தீர்வு. ஆனால் அகாரமாக இழையும் இடத்தில் கணினி இல்லாத பல்லவியைக் கண்டுபிடித்துவிடும். குரலை நிழல்போல் தொடரும் வயலினும் இத்தவற்றுக்குத் துணைபோகும். ஆகவே, பதிவைக் கேட்டு, பாடியபடியே ஆறு வரிகளாக எழுதிய பின் பொருத்துவதே இன்றும் நம்பத்தக்கது. எழுதும்போது ‘பா⁴ரதி’ என்பதிலுள்ள சிற்றெண்ணைத் தூக்கி எறியலாகாது. தமிழ் எழுத்து காட்டாத ஒலியை அதுவே காட்டுகிறது.

அவ்வாறு எழுதினால் மூன்றாம் சங்கதிக்கும் தனி நேரக்குறி கிடைக்கும். இரு பாடகர்களின் மூன்றாம் சங்கதிகளை அருகருகே வைத்துக் கேட்க அப்போதுதான் முடியும்.