இலையிலிருந்து எண்ணுக்கு

அரபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சின்னக் களைச்செடி. 22 டிகிரியில் வளர்ந்துகொண்டிருந்த அதைச் சில மணி நேரம் 4 டிகிரி குளிரில் வைத்தால், ஆர்.டி.29ஏ என்ற மரபணு விழித்துக்கொள்ளும். அதன் எம்.ஆர்.என்.ஏ. நகல்கள் செல்லுக்குள் பெருகும். குளிர் படாத செடியைவிட அவை எத்தனை மடங்கு கூடின என்று அறிய, அந்த எம்.ஆர்.என்.ஏ. நீண்ட வழி போக வேண்டியிருக்கிறது.

இலையைக் கிள்ளிய கையோடு திரவ நைட்ரஜனில் போடுகிறார்கள். கிள்ளுவதே செடிக்கு ஒரு காயம். தாமதித்தால் வேறு மரபணுக்களும் விழிக்கும், ஆர்.என்.ஏ.வை அறுக்கும் நொதிகளும் வேலையைத் தொடங்கிவிடும். உறைந்த இலையைப் பொடித்து, ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஒட்டிக்கொண்டு வரும் டி.என்.ஏ.வை டி.என்.ஏஸ் நொதியால் ஒழிக்கிறார்கள். பிறகு இரண்டு செடிகளிலிருந்தும் தலா 1 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ. எடுத்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்கிறார்கள். 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்த நொதி அது. எளிதில் சிதையும் ஆர்.என்.ஏ.வின் வாசகத்தை அது டி.என்.ஏ. இழையாக எழுதித் தருகிறது. இதற்குப் பின் பயணம் செய்வது அந்த நகல்தான்.

நகல் இறங்கும் இடம், பிளாஸ்டிக் தட்டில் 20 மைக்ரோலிட்டர் கொண்ட ஒரு குழி. ஆர்.டி.29ஏவின் ஒரு துண்டை மட்டும் பிடிக்கும் இரண்டு பிரைமர்கள், டி.என்.ஏ. பாலிமரேஸ், இரட்டை இழை டி.என்.ஏ.வில் ஒட்டினால் ஒளிரும் சைபர் கிரீன் சாயம் ஆகியவை அங்கே இருக்கும். 95 டிகிரியில் இழைகள் பிரியும். 60 டிகிரியில் பிரைமர் ஒட்டிப் புதிய இழை வளரும். இப்படி 40 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கருவி ஒளியை அளக்கும். வினை நடக்கும்போதே ஒளியைப் பார்க்கும் இந்த வழியை 1990களின் தொடக்கத்தில் ரஸ்ஸல் ஹிகுச்சியின் குழு எத்திடியம் புரோமைடு சாயத்தை வைத்துக் காட்டியது.

திரையில் வரும் கோடு முதலில் தட்டையாகக் கிடக்கும். இரட்டிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒளி பின்னணி ஒளியைத் தாண்டவில்லை. பிறகு கோடு சட்டென்று மேலேறும். கடைசியில் மறுபடி தட்டையாகும். அந்த இறுதி உயரத்தைப் பார்த்து எதையும் சொல்லக் கூடாது. மூலப்பொருள் குறைந்து வினை ஓய்ந்ததால் வந்த உயரம் அது. நிறைய நகலோடு தொடங்கிய குழியும் கொஞ்சத்தோடு தொடங்கிய குழியும் ஏறத்தாழ அங்கேயே வந்து நிற்கலாம். எனவே, இரட்டிப்பு சீராக நடக்கும் பகுதியின் குறுக்கே ஒரு வரம்புக்கோடு போடுகிறார்கள். லாக் அளவில் பார்த்தால் அந்தப் பகுதி நேர்கோடாக, மற்றக் குழிகளின் கோடுகளுக்கு இணையாகத் தெரியும். வளைவு வரம்புக்கோட்டைத் தொடும் சுற்றுதான் Ct. தொடக்கத்தில் நகல் அதிகமென்றால் சீக்கிரம் தொடும், எண் சிறிதாகும்.

சாதாரணச் செடியில் Ct 27 என்றும் குளிர்பட்டதில் 22.5 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் நாலரைச் சுற்று. இரட்டிப்பாகக் கணக்கிட்டால் சுமார் 23 மடங்கு. ஆனால் இரண்டு குழிகளிலும் சம அளவு நகல் விழுந்ததா? அதற்குத்தான் குளிரிலும் பெரிதாக மாறாத ஆக்டின்-2 மரபணுவையும் கூடவே அளப்பது. அது முதல் செடியில் 20, இரண்டாவதில் 20.5 என்றால், குளிர்பட்ட மாதிரி சற்றுக் குறைவாகவே விழுந்திருக்கிறது. 2001இல் லிவாக்கும் ஷ்மிட்ஜனும் வெளியிட்ட கணக்கு இதைச் சரிசெய்கிறது:

```
ΔCt (சாதாரணம்) = 27 − 20 = 7
ΔCt (குளிர்) = 22.5 − 20.5 = 2
ΔΔCt = 2 − 7 = −5
2^−ΔΔCt = 2^5 = 32
```

ஆக, 32 மடங்கு. ஒவ்வொரு சுற்றிலும் முழுதாக இரட்டிப்பு நடந்தால்தான் இது சரி. இரண்டு மரபணுக்களும் சுற்றுக்கு 1.9 மடங்குதான் பெருகுகின்றன என்றால், விடை சுமார் 25 ஆகிவிடும். எனவே மாதிரியைப் பத்துப் பத்து மடங்காகக் கரைத்து ஓட்டி முன்பே சோதிக்கிறார்கள். முழு இரட்டிப்பு நடந்தால், ஒவ்வொரு கரைப்புக்கும் Ct சுமார் 3.3 கூட வேண்டும்.

ஆர்.டி.29ஏவுக்குப் பக்கத்திலேயே, அதை ஒத்த ஆர்.டி.29பி இருக்கிறது. பிரைமர் இரண்டிலும் ஒட்டினால் ஒளி கலந்துவிடும். சாயத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. ஓட்டம் முடிந்ததும் மெல்லச் சூடேற்றி, டி.என்.ஏ. உருகும் வெப்பநிலையைப் பார்த்தால் ஒரே முகடு வர வேண்டும். இரண்டு வந்தால் பிரைமரை மாற்ற வேண்டியதுதான். ஆனால் இரண்டு துண்டுகளும் ஒரே வெப்பத்தில் உருகினால் ஒற்றை முகடும் ஏமாற்றலாம். வாசகத்தைப் படித்துத்தான் உறுதி செய்ய முடியும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழியிலும் வளைவு எழுந்தால், டி.என்.ஏஸ் விட்டுவைத்த டி.என்.ஏ. பெருகியிருக்கக்கூடும்.

ஒரே நகலை மூன்று குழிகளில் ஊற்றி மூன்று எண்களும் ஒத்துவந்தால், பிப்பெட் பிடித்த கை சரி என்பது மட்டுமே தெரியும். குளிர்தான் காரணம் என்று சொல்ல, தனித்தனியாக வளர்த்த செடிகள் பலவற்றில் அதே ஏற்றம் வர வேண்டும். வந்தாலும், 32 மடங்கு என்பது எம்.ஆர்.என்.ஏ.வின் கணக்கு, புரதம் அதே அளவு கூடியதா என்பதைத் தனியே அளந்துதான் சொல்ல முடியும்.