0.5 என்ற விடை எதைச் சொல்கிறது? உணவு ஆலை நீரின் கட்டற்ற குளோரினும் தர உறுதித் தேர்வும்

தர உறுதித் தேர்வுகளில் எளிதாகக் கேட்கக்கூடிய வினா ஒன்று உண்டு: உணவு ஆலையில் பயன்படும் நீரில் கட்டற்ற குளோரின் எவ்வளவு இருக்க வேண்டும்? இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐஎஸ் 10500 (2012) லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்கிறது; வைரஸ் தொற்றிலிருந்து காப்பு வேண்டுமென்றால் 0.5 என்கிறது. மாணவர் எண்ணை எழுதுகிறார், மதிப்பெண் கிடைக்கிறது. அந்த எண்ணை மட்டும் கேட்கும் வினா, நீரின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் அறிவைச் சோதிப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குளோரினை நீரில் சேர்த்தால் அது ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட் அயனியாகவும் பிரிந்து நிற்கிறது. இரண்டையும் சேர்த்தே கட்டற்ற குளோரின் என்கிறோம். ஆனால் கிருமியைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்வது அமிலம்தான். அதற்கு மின்சுமை இல்லாததால் கிருமியின் செல்சுவரைக் கடந்து எளிதில் உள்ளே போகிறது. அயனியின் எதிர்மின்சுமை அதைத் தடுக்கிறது. இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதை நீரின் பிஎச் முடிவு செய்கிறது. 25 டிகிரி செல்சியஸில் பிஎச் ஏறத்தாழ 7.5 ஆக இருக்கும்போது இரண்டும் சமபாதி.

ஓர் ஆலையின் இரண்டு குழாய்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் கட்டற்ற குளோரின் 0.5 மில்லிகிராம். முதல் குழாயின் பிஎச் 7.0, அங்கே முக்கால் பங்குக்குச் சற்று மேல், அதாவது சுமார் 0.38 மில்லிகிராம், அமில வடிவில் உள்ளது. இரண்டாவது குழாயின் பிஎச் 8.5, அங்கே அமிலம் 0.05 மில்லிகிராம்கூட இல்லை. பதிவேட்டில் இரண்டும் ஒரே எண். கொல்லும் ஆற்றலிலோ எட்டு மடங்கு வேறுபாடு. பிஎச் 8.5 தரநிலை அனுமதிக்கும் வரம்புக்குள்ளேயே இருப்பதால் யாரும் எச்சரிக்கையடைய மாட்டார்கள் என்பதுதான் இதில் கவலைக்குரியது. உலக சுகாதார நிறுவனம் இதே 0.5-ஐக் கூறும்போது, பிஎச் 8-க்குக் கீழே இருக்க வேண்டும், குறைந்தது 30 நிமிடத் தொடுகை நேரம் வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே கூறுகிறது. தேர்வு வினா அந்த நிபந்தனைகளை உதிர்த்துவிடுகிறது.

அடுத்தது, எண்ணை எப்படிப் பெற்றோம் என்பது. பல இடங்களில் இன்றும் புழங்கும் குளோரோஸ்கோப்பில் ஆர்த்தோடொலுடின் கரைசலைச் சேர்த்து மஞ்சள் நிறத்தைப் பார்க்கிறார்கள். அது காட்டுவது நடைமுறையில் மொத்தக் குளோரினை. நீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதனுடன் பிணைந்து குளோரமைனாகிறது; குளோரமைன் மெதுவாகவும் வலுக்குறைந்தும் செயல்படும். டிபிடி முறை இரண்டையும் பிரித்துக் காட்டும்: வினைப்பொருளைச் சேர்த்து உடனே பார்க்கும் இளஞ்சிவப்பு கட்டற்ற குளோரின், பொட்டாசியம் அயோடைடு சேர்த்த பின் வரும் அளவு மொத்தம், வேறுபாடு பிணைந்த குளோரின். முதல் அளவைத் தாமதித்துப் பார்த்தால் குளோரமைனும் நிறம் தரத் தொடங்கி, இல்லாத கட்டற்ற குளோரினை இருப்பதாகக் காட்டிவிடும்.

ஒரு குழாயில் கட்டற்றது 0.1, மொத்தம் 0.8 என்று வைத்துக்கொள்வோம். குளோரோஸ்கோப் ஆலைக்கு நிம்மதி தரும். டிபிடி உண்மையைச் சொல்லும். இங்கே குளோரினைக் கொஞ்சம் கூட்டினால் எஞ்சும் அளவு உயர்வதற்குப் பதிலாகக் குறையவும் கூடும், ஏனெனில் கூடுதல் குளோரின் குளோரமைனைச் சிதைப்பதில் செலவாகிறது. அம்மோனியா நைட்ரஜனின் எடையைப்போல் கணக்குப்படி 7.6 மடங்கு, நடைமுறையில் அதற்கும் சற்று மேல் குளோரின் சேர்த்த பிறகே கட்டற்ற குளோரின் நிலைத்து நிற்கும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கே 1.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும் என்று பொருள். அதற்கு முன்பாக, அந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கேனும் கசிகிறதா என்று தேடுவதே சரியான முதல் விடை.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடியின் நிறமே வெளுத்துப்போய் நீர் தெளிவாகத் தெரியும். பூஜ்யம் என்று எண்ணி இன்னும் குளோரின் ஊற்றுவது இயல்பாக நிகழக்கூடியது. துளி விட்டவுடன் இளஞ்சிவப்பு மின்னி மறைந்ததா என்று கவனிக்க வேண்டும்; மாதிரியைக் குளோரின் இல்லாத நீரில் பத்து மடங்கு நீர்க்கச்செய்து மறுபடி சோதித்தால் ஐயம் தீரும்.

நுண்ணுயிர்ச் சோதனைக்கு மாதிரி எடுக்கும் பாட்டிலிலும் குளோரின் குறுக்கிடுகிறது. 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை காணப்படக் கூடாது என்பது விதி. பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இல்லையென்றால், குழாயடியில் உயிரோடிருந்த கிருமிகளை ஆய்வகம் சேரும் முன்பே எஞ்சிய குளோரின் கொன்றுவிடும். அறிக்கை சுத்தமாக வரும். ஆகவே தேர்வுத்தாளில் ஒரே எண்ணைக் கேட்பதற்குப் பதிலாக, ஒரு குழாயின் கட்டற்ற குளோரின், மொத்தக் குளோரின், பிஎச், தொட்டியில் நீர் நின்ற நேரம், மாதிரிப் பாட்டிலின் விவரம் ஆகியவற்றைத் தந்து, இந்த நீரைக் கொண்டு இன்று உற்பத்தியைத் தொடங்கலாமா என்று கேட்கலாம். விடைக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு நான்கு.