பணிவின் மொழிபெயர்ப்பு: விண்ணப்பத்திலிருந்து மின்னஞ்சல் வரை

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி, திருவல்லிக்கேணியிலிருந்து ஓர் இளைஞர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு எழுத்தர் வேலை கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். சின்னக் கடிதம்தான். அதற்குள் 'பெக்' என்ற வினை மூன்று முறை வருகிறது. வேலைக்கு விண்ணப்பிக்க 'இறைஞ்சுகிறார்', நியமனத்தை வழங்குமாறு வேண்ட 'இறைஞ்சுகிறார்', இறுதியில் 'தங்கள் மிகக் கீழ்ப்படிந்த ஊழியனாக இருக்க இறைஞ்சுகிறேன்' என்று ஒப்பமிடுகிறார். அந்த இளைஞர் சீனிவாச ராமானுஜன். அடுத்த ஆண்டு ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதமும் அதே வினையோடுதான் தொடங்குகிறது.

இன்று இதைப் படிக்கும் நமக்கு, தமிழனுக்கே உரிய தாழ்மை ஆங்கிலச் சட்டை போட்டு வந்து நிற்பதுபோலத் தோன்றும். அது பாதி உண்மைதான். நம் மின்னஞ்சல்களில் எது தமிழிலிருந்து வந்தது, எது ஆங்கிலத்திலிருந்தே வந்து நம்மிடம் தங்கிவிட்டது என்று பிரித்தறிந்தால்தான் எதைத் திருத்துவது என்பது விளங்கும்.

முதலில் தமிழ்ப் பக்கம். விண்ணப்பம் நம்மிடையே பழைய சொல். பல்லவர் செப்பேடுகளில் தானத்தை வேண்டியவர், ஆணையை நிறைவேற்றியவர் என்று தனித்தனியே குறிக்கப்படுகிறார்கள். கேட்பவர் கீழே, கொடுப்பவர் மேலே என்ற அமைப்பு ஆவணத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்துக் குடும்பக் கடிதங்களும் பெரியவர்களுக்கு எழுதப்படும்போது நமஸ்காரத்தில் தொடங்கி, இவ்விடம் க்ஷேமம் சொல்லி, அவ்விடத்து க்ஷேமம் கேட்ட பிறகே விஷயத்துக்கு வரும். காரியத்தை முதல் வரியில் சொல்வது மரியாதைக் குறைவு.

இந்த மரியாதையைச் சென்னை அரசாங்கமே ஆங்கிலத்துக்குள் கொண்டுசென்றது என்பது பலருக்கு மறந்துபோன செய்தி. மாகாண அரசின் ஆங்கில ஆவணங்களில் உள்ளூர்ப் பிரமுகர்களின் பெயருக்கு முன்னால் 'மகாராஜராஜஸ்ரீ' என்பதன் சுருக்கமும், பின்னால் 'அவர்கள்' என்ற சொல்லும் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். மொழிபெயர்க்க முடியாததை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள்.

இனி ஆங்கிலப் பக்கம். ராமானுஜனின் மூன்று இறைஞ்சல்களும் அவர் கண்டுபிடித்தவை அல்ல. 'ஐ பெக் டு', 'யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்' இரண்டும் அக்கால லண்டன் அலுவலகங்களின் அன்றாட வாய்பாடுகள். 'டூ த நீட்ஃபுல்' என்பதை நாம் 'ஆவன செய்யவும்' என்பதன் நேர்பெயர்ப்பு என்று நினைக்கிறோம். ஆனால் அது 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரிடையே புழங்கிய தொடர்தான். 1941 டிசம்பரில் ஜப்பான்மீது போர் அறிவித்து அதன் தூதருக்கு எழுதிய கடிதத்தைக்கூட சர்ச்சில் கீழ்ப்படிந்த ஊழியன் என்றே முடித்தார். அந்த நடையைச் சிலர் குறைகூறியபோது, ஒருவரைக் கொல்ல வேண்டிவரும்போது மரியாதையாக இருப்பதில் செலவொன்றும் இல்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அந்தச் சொற்களில் யாரும் பணிவைப் படிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு இங்கிலாந்து மாறியது. அரசு ஊழியர்களின் ஆங்கிலத்தை எளிமையாக்க அந்நாட்டு நிதித்துறை கேட்டுக்கொண்டதன்பேரில் எர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய கையேடு 1948இல் வெளிவந்தது. சடங்குச் சொற்கள் அங்கே மெல்ல உதிர்ந்தன. இங்கே, நம் அலுவலகக் கோப்புகளும் தட்டச்சுப் பயிலகங்களின் மாதிரிக் கடிதங்களும் பழைய வாய்பாடுகளையே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தன. 1995 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்து, நம் பிள்ளைகள் அயல்நாட்டு வாடிக்கையாளர்களுக்கு எழுத உட்கார்ந்தபோது, கையில் இருந்தது தாத்தா காலத்து ஆங்கிலமும் அதன்மேல் படிந்த தமிழ் மரியாதையும். ஆங்கிலேயர் பொருள் பார்க்காமல் எழுதிய சொற்களை, நாம் பொருளோடு எழுதத் தொடங்கியிருந்தோம்.

ஏன் அப்படி ஆயிற்று? தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே இருக்கிறது. 'அனுப்புங்கள்' என்றாலே போதும், தனியாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே 'யூ'. அந்த வெறுமை நம்மை உறுத்துகிறது. விடுபட்ட 'ங்கள்' விகுதியை எங்காவது வைத்தாக வேண்டுமே என்று வாக்கியத்துக்கு ஒரு 'சர்', வினைக்கு ஒரு 'கைண்ட்லி' சேர்க்கிறோம். 'டியர்' என்று எழுதவும் கை கூசுகிறது. 'அன்புள்ள' என்பதன் நெருக்கம் அதில் இருப்பதாக நினைத்து 'ரெஸ்பெக்டட்' என்று மாற்றுகிறோம். ஆனால் கடிதத் தொடக்கத்தில் வரும் 'டியர்' அன்பைச் சொல்வதில்லை. முன்பின் அறியாத ஹார்டிக்கு ராமானுஜன் எழுதியதும் 'டியர் சர்'தான்.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். எங்கள் வட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். மதுரையைச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருவர், 19ஆம் நூற்றாண்டில் அச்சான தமிழ் நூல் ஒன்றின் சில பக்கங்களை வேண்டி வெளிநாட்டு நூலகம் ஒன்றுக்கு மின்னஞ்சல் எழுதினார். மொத்தம் பதினொரு வாக்கியங்கள். முதல் நான்கு, தம்மைச் சிறியவராகவும் நூலகரின் பொன்னான நேரத்தைக் கெடுப்பதற்கு மன்னிப்புக் கோருபவராகவும் காட்டின. ஒன்பதாவது வாக்கியத்தில்தான் நூலின் பெயர் வந்தது. எந்தப் பக்கங்கள் என்று சொல்லாமல், 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடித்திருந்தார். இடையில், நூலகப் பட்டியலில் கண்ட பதிப்பாண்டைப் பற்றி 'ஐ ஹாவ் எ டவுட்' என்றும் எழுதியிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து வந்த பதில் அவரைத் துணுக்குறச் செய்தது. பட்டியலில் உள்ள ஆண்டு முதற்பக்கத்தைப் பார்த்தே பதிவு செய்யப்பட்டது, அதில் பிழையில்லை என்று நூலகர் சற்று விறைப்பாகவே எழுதியிருந்தார். கடைசி வரியில், தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிவிக்கவும் என்றிருந்தது.

நடந்தது இதுதான். 'சந்தேகம்' என்ற தமிழ்ச் சொல்லுக்குக் கேள்வி, ஐயுறவு என்று இரு பொருள் உண்டு. வகுப்பில் 'சார், ஒரு சந்தேகம்' என்று எழுந்து நிற்கும் மாணவன் ஆசிரியரை நம்பவில்லை என்று யாரும் எண்ணுவதில்லை. ஆங்கிலத்தின் 'டவுட்' நம்பாமையை மட்டுமே சொல்லும். மிகப் பணிவாக எழுதிய பெண், உங்கள் பட்டியலை நான் நம்பவில்லை என்று சொல்லிவிட்டார். 'கைண்ட்லி'யிலும் இப்படி ஒரு பொறி உண்டு. ஏவல் வினையின் முன்னால் அது வரும்போது, அயலாரின் காதில் பொறுமை இழந்த அதிகாரியின் குரலாக ஒலிக்கக்கூடும். 'கைண்ட்லி ரிப்ளை' என்பதில் நாம் கெஞ்சுகிறோம், அவர்கள் அதட்டலைக் கேட்கிறார்கள்.

நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து அந்த மடலைத் திருத்தினோம். முதலில் பணிவுச் சொற்களை எல்லாம் வெட்டிப் பார்த்தோம். மீந்தது மொட்டையாக நின்றது. அனுப்பு என்று கட்டளையிடுவதுபோல இருந்தது. ஆங்கிலத்திலும் மரியாதை உண்டு, அது வேறு இடத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. அது வினாவடிவில் இருக்கிறது. 'குட் யூ' என்று வினையை ஒருபடி தள்ளி வைத்துக் கேட்டால், மறுப்பதற்கான வழியை எதிராளிக்குத் திறந்துவிடுகிறோம். அதுவே அவர்களுடைய 'ங்கள்'. அடுத்து, அவருடைய வேலையைக் குறைத்துக் கொடுப்பதில் இருக்கிறது. நேரத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்பதைவிட, தேடும் நேரத்தை மிச்சப்படுத்துவது மேலான மரியாதை.

புதிய மடல் ஆறு வாக்கியங்களில் அமைந்தது. 'ரெஸ்பெக்டட் சர்' போய், பதிலில் நூலகர் ஒப்பமிட்டிருந்த பெயரோடு 'டியர்' வந்தது. முதல் வாக்கியம் பதிலுக்கு நன்றி. இரண்டாவது, நூலின் பெயரும் நூலக அடுக்கு எண்ணும் 12 முதல் 19 வரையிலான பக்கங்களும் குறித்து, படியெடுத்து அனுப்ப இயலுமா என்ற நேர்க் கேள்வி. மூன்றாவது, இன்னின்ன அத்தியாயத்துக்குத் தேவை என்ற காரணம். நான்காவது, மாத இறுதிக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும் என்ற கெடு. ஐந்தாவது, கட்டணம் எவ்வளவு என்ற வினா. ஆறாவது, பழைய 'சந்தேகம்': பட்டியலில் உள்ள ஆண்டை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா, அது முதற்பதிப்பின் ஆண்டா மறுபதிப்பின் ஆண்டா? இங்கே ஐயம் தம் புரிதலின்மீது வைக்கப்படுகிறது, எதிராளியின் நேர்மையின்மீது அல்ல. 'டவுட்' இருந்த இடத்தில் 'கொஸ்டின்' வந்தது. நான்கு நாளில் பக்கங்கள் வந்து சேர்ந்தன. ஆண்டு மறுபதிப்புக்கு உரியது என்ற குறிப்பும் உடன் இருந்தது. ஆய்வின் கால வரிசைக்கு அந்தக் குறிப்பே பக்கங்களைவிட முக்கியமாயிற்று.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. நம் மாவட்ட அலுவலகத்துக்கோ பல்கலைக்கழகப் பதிவாளருக்கோ எழுதும்போது 'ரெஸ்பெக்டட் சர்' பிழையில்லை. அங்கே அது புரிந்துகொள்ளப்படுகிறது, பல இடங்களில் எதிர்பார்க்கவும் படுகிறது. இந்திய ஆங்கிலத்துக்கென்று ஒரு வழக்கு இருக்கிறது, அதற்கு வெட்கப்படவும் வேண்டாம். 1891இல் ஆர்னால்ட் ரைட் நம்மவர் ஆங்கிலத்தை வேடிக்கைப் பொருளாகத் தொகுத்து லண்டனில் ஒரு நூலே வெளியிட்டார். அப்படிச் சிரித்தவர்கள், அச்சொற்களில் பல தங்கள் வீட்டிலிருந்தே போனவை என்பதை நினைக்கவில்லை. நாம் கவனிக்க வேண்டியது, மடலைப் படிக்கப்போகிறவர் எந்த வழக்கில் இருக்கிறார் என்பதை மட்டுமே.

ராமானுஜனின் கடிதத்துக்குத் திரும்புவோம். அதன் தலையிலும் வாலிலும்தான் இறைஞ்சலும் தொந்தரவுக்கான மன்னிப்பும். நடுவில் தயக்கமே இல்லை. நான் பல்கலைக்கழகப் படிப்பு முடித்தவனல்லன், ஆனால் எனக்கென ஒரு புதிய வழி வகுத்துக்கொண்டிருக்கிறேன் என்கிறார். இணைத்துள்ள தாள்களைப் பாருங்கள், மதிப்புடையவை என்று கருதினால் என் தேற்றங்கள் வெளிவர வேண்டும் என்று விரும்புகிறேன், நான் ஏழை என்கிறார். யார், என்ன, எதற்கு, எதிராளி செய்ய வேண்டியது என்ன என்பதில் மயக்கமில்லை. ஹார்டி பதில் எழுதியது தேற்றங்களுக்காக, இறைஞ்சலுக்காக அல்ல. அந்தக் காலத்து வாய்பாட்டை அவர் பயன்படுத்தினார், அதற்குள் தம்மைக் குறுக்கிக்கொள்ளவில்லை. நம் காலத்து வாய்பாடு வேறு. நடுப்பகுதி மட்டும் இன்றைக்கும் அப்படியேதான் எழுதப்பட வேண்டும்.