நடந்து வந்த சிலைகள்

பசிபிக் சமுத்திரத்து ஈஸ்டர் தீவுவாசிகள், தங்கள் கற்சிலைகள் மலையடிவாரத்திலிருந்து நடந்தே வந்தன என்பார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். கட்டைகளில் படுக்கவைத்து இழுத்திருப்பார்கள் என்றார்கள். ஆனால் வழியில் விழுந்து கிடக்கும் சிலைகளைப் பாருங்கள்! அடி அகன்று, முன்விளிம்பு வளைந்து, உடல் முன்னே சாய்ந்திருக்கிறது. படுத்து வருவதற்கு இதெல்லாம் எதற்கு?

ஹன்ட், லிபோ என்னும் ஆய்வாளர்கள் அதே வடிவில் ஏறக்குறைய 4 டன் சிலை செய்து, தலையில் மூன்று கயிறுகள் கட்டினார்கள். இருபுறமும் மாறி மாறி இழுத்தால், சிலை ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கத்தை முன்னே வைக்கும். குப்புற விழாமல் பின்கயிறு பிடித்துக்கொள்ளும். 18 பேர், 40 நிமிஷம், 100 மீட்டர்!

1986-இலும் ஒரு நிஜச் சிலையை ஆட்டி நடத்தினார்கள். அடி சிதைந்ததால் நிறுத்திவிட்டார்கள். அது மேடையில் நிற்பதற்காகத் திருத்திச் செதுக்கிய சிலை, வழிநடைச் சிலையல்ல என்கிறார்கள் இவ்விருவரும்.